முதல் டிவி வாங்குகிறவருக்குப் புரியும்படி லிஸ்டிங் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவி விற்பனைப் பக்கங்களுக்கு விவரம் எழுதுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. முழுக்க ஒரே டிவியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன்: 43 இன்ச், 4கே, சாதாரண எல்இடி, கூகுள் டிவி உள்ளது. கடைசியில் அதற்கே ஒரு லிஸ்டிங் எழுதிக் காட்டுகிறேன்.

### "43 இன்ச்" என்று போட்டாலே எல்லாருக்கும் தெரியுமே, வேறென்ன எழுத வேண்டும்?

டிவி பழகியவருக்குத் தெரியும். முதல் முறை வாங்குகிறவர் டேப்பை எடுத்துச் சுவரில் இடமிருந்து வலமாக 43 இன்ச் அளந்து பார்ப்பார். அந்த 43, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்தது என்பது அவருக்கு யாரும் சொல்லாத விஷயம். 43 இன்ச் டிவியின் திரை அகலம் ஏறக்குறைய 94 சென்டிமீட்டர்தான், உயரம் 53. அதனால் லிஸ்டிங்கில் இன்ச்சுக்குப் பக்கத்திலேயே அகலமும் உயரமும் சென்டிமீட்டரில் வர வேண்டும்.

தோராயமாகப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. இன்றைய டிவிகளின் திரை 16:9 வடிவம் என்பதால், மூலைவிட்டத்தை 0.87 ஆல் பெருக்கினால் அகலம், 0.49 ஆல் பெருக்கினால் உயரம். ஆனால் இதை லிஸ்டிங்கில் போடாதீர்கள். இது வெறும் திரைக்கான கணக்கு, சுற்றியுள்ள சட்டம் இதில் சேராது. தயாரிப்பாளர் தரும் "ஸ்டாண்டோடு", "ஸ்டாண்ட் இல்லாமல்" என்ற இரண்டு அளவுகளையும்தான் போட வேண்டும். அப்புறம், 43 ஐ 2.54 ஆல் பெருக்கி 109 சென்டிமீட்டர் என்று நீங்களாக எழுதிவிடவும் கூடாது. பல 43 இன்ச் டிவிகளின் திரை உண்மையில் 108 சென்டிமீட்டர், அதாவது 42.5 இன்ச். 43 என்பது அந்த அளவு வகைக்கு வைத்த பெயர்.

எல்லாரும் விட்டுவிடுவது கால்களுக்கு இடையிலான தூரத்தை. முன்பு நடுவில் ஒரே ஒரு ஸ்டாண்ட் இருக்கும். இப்போது பெரும்பாலான டிவிகளுக்கு இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கால். ஒரு முறை 55 இன்ச் டிவிக்கு நான் எழுதிய லிஸ்டிங்கில் அகலம், உயரம், எடை எல்லாம் சரியாகவே இருந்தது. வாங்கியவரின் மேசை ஒரு மீட்டர் நீளம். டிவி இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், பரவாயில்லை என்று நினைத்து வாங்கிவிட்டார். கால்களுக்கு நடுவில் 108 சென்டிமீட்டர். மேசையில் நிற்க வழியே இல்லை, டிவி திரும்பி வந்தது. ஸ்பெக் ஷீட்டில் அந்த அளவு இல்லை என்பது என் தரப்பு நியாயம். ஆனால் கிடங்குக்குப் போய் டேப் வைத்து அளந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. அன்றிலிருந்து ஷீட்டில் இல்லையென்றால் அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

### எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லலாமா? ஆளுக்கு ஆள் மாறுமே?

மாறும். அதனால் ஒரே எண்ணாகச் சொல்லாமல் ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். திரை உங்கள் பார்வையில் சுமார் 30 டிகிரி இடத்தை அடைத்தால் படம் பார்க்க நன்றாக இருக்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மூலைவிட்டத்தை 1.6 ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் வந்துவிடும். 43 இன்ச்சுக்கு ஏறக்குறைய 1.75 மீட்டர், 55 இன்ச்சுக்கு 2.2 மீட்டர். செய்தி, சீரியல் மட்டும் பார்ப்பவர் இன்னும் தள்ளி உட்கார்ந்தாலும் குறையாகத் தெரியாது. எனவே நம் டிவிக்கு "1.5 முதல் 2.5 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க ஏற்றது" என்று எழுதலாம்.

பக்கத்து அளவோடு ஒப்பிட்டு ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. 43 க்கும் 55 க்கும் 12 இன்ச்தானே வித்தியாசம் என்று தோன்றும். பரப்பளவில் 55 இன்ச் திரை 1.6 மடங்கு பெரியது. இது தெரியாமல் வாங்கியவர்களில் ஒரு சாரார் "இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை" என்பார்கள், இன்னொரு சாரார் "கொஞ்சம் பெரியதாகவே எடுத்திருக்கலாம்" என்பார்கள்.

### எச்டி ரெடி, ஃபுல் எச்டி, 4கே என்பதைப் புள்ளிக் கணக்கு சொல்லிக் குழப்பாமல் எப்படி விளக்குவது?

புள்ளிக் கணக்கை ஒரே ஒரு முறை, லட்சத்தில் சொல்லுங்கள். எச்டி ரெடி திரையில் ஏறக்குறைய 10 லட்சம் புள்ளிகள், ஃபுல் எச்டியில் 20 லட்சம், 4கேயில் 83 லட்சம். 3840 × 2160 என்பதை அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம், விளக்கத்தில் வேண்டாம்.

ஆனால் வாங்குகிறவரின் உண்மையான கேள்வி வேறு: "என் வீட்டில் எனக்கு வித்தியாசம் தெரியுமா?" இதற்குத் தூரத்தைச் சேர்க்காமல் பதில் சொல்லவே முடியாது. சராசரிப் பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைக்கும்தான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். 1.7 மீட்டருக்கு அப்பால் போய்விட்டால் கண் அந்தப் புள்ளிகளைச் சேர்த்தே பார்க்கும். அதே 43 இன்ச் 4கே திரையில் புள்ளி அதில் பாதி. அதன் முழு நுணுக்கமும் தெரிய ஒரு மீட்டருக்கும் கிட்டே வர வேண்டும்.

அப்படியென்றால் 2.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்த அளவு டிவியில் 4கேயால் பெரிய லாபம் இல்லை. பார்வை மிகக் கூர்மையாக உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தெரியலாம். இதை எழுதினால் விற்பனை கெட்டுவிடாதா என்று கேட்பார்கள். நான் எழுதுகிறேன், ஆனால் குறையாகச் சொல்வதில்லை: "1.5 மீட்டருக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கு 4கேயின் தெளிவு நன்றாகத் தெரியும், அதைவிடத் தள்ளி உட்கார்ந்தால் வித்தியாசம் குறைந்துகொண்டே போகும்." இதைப் படித்தவர் பிறகு ஏமாந்ததாக நினைக்க மாட்டார்.

இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். 4கே டிவியில் ஓடுவதெல்லாம் 4கே ஆகிவிடாது. செட்டாப் பாக்ஸிலிருந்து வருவது குறைந்த தரத்தில் வந்தால், டிவி அதை இழுத்துப் பெரிதாக்கி 83 லட்சம் புள்ளிகளில் நிரப்பும். இல்லாத விவரத்தை அதனால் உண்டாக்க முடியாது. பெரிய திரையில் பழைய சேனல்கள் முன்பைவிட மங்கலாகக்கூடத் தெரியும். "புது டிவியில் படம் தெளிவாக இல்லை" என்ற புகார்களை நான் விசாரித்தபோது பல முறை காரணம் இதுவாகவே இருந்தது.

### ஸ்பெக் ஷீட்டில் "4கே சப்போர்ட்" என்று இருக்கிறது. அப்படியே போட்டுவிடலாமா?

கூடாது. வெளியிலிருந்து வரும் 4கே சிக்னலை இந்த டிவி ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் "சப்போர்ட்" என்ற சொல்லுக்கு அர்த்தம். திரை 4கே என்பது வேறு. எச்டி ரெடி பேனல் போட்ட டிவிகூட 4கே சிக்னலை வாங்கி, சுருக்கி, தன்னிடம் உள்ள 10 லட்சம் புள்ளிகளில் காட்டலாம். ஷீட்டில் "பேனல் ரெசல்யூஷன்" அல்லது "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்ற வரியைத் தேடுங்கள். அதில் உள்ள எண்ணைத்தான் லிஸ்டிங்கில் போட வேண்டும். அந்த வரியே இல்லாமல் "சப்போர்ட்" மட்டும் இருந்தால், சந்தேகப்பட்டு விசாரியுங்கள்.

மாதிரி டிவி கையில் இருந்தால் சோதித்துவிடலாம். 3840 × 2160 அளவில், ஒரு புள்ளி கறுப்பு ஒரு புள்ளி வெள்ளை என்று மாறி மாறிக் கோடு போட்ட படம் ஒன்றைக் கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் காட்டுங்கள். கணினியின் வெளியீடும் அதே அளவில் இருக்க வேண்டும், டிவியின் பிக்சர் செட்டிங்கில் படத்தை ஓரத்தில் வெட்டும் ஓவர்ஸ்கேனையும் அணைத்துவிட வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தால் கோடுகள் தனித்தனியாகத் தெரியும். பேனல் 4கே இல்லையென்றால் சாம்பல் நிறமாகக் கலங்கியோ அலை அலையாகவோ தெரியும். பென் டிரைவில் போட்டு டிவியின் போட்டோ ஆப்பில் திறந்து பார்க்காதீர்கள். பல ஆண்ட்ராய்டு டிவிகள் மெனுவையும் ஆப்பையும் ஃபுல் எச்டியில் வரைந்துதான் பெரிதாக்கிக் காட்டும், எனவே உண்மையான 4கே பேனலும் அந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

"எச்டிஆர் சப்போர்ட்" விஷயமும் இதேதான். வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வித்தியாசத்தோடு பதிவான எச்டிஆர் படத்தை ஏற்றுக்கொள்வது ஒன்று, அதற்குத் தேவையான பிரகாசம் திரையில் இருப்பது வேறொன்று. பிரகாச அளவை தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் போடுங்கள். சொல்லவில்லையென்றால் "எச்டிஆர் படங்களை ஓட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அசத்தும் எச்டிஆர்" என்றெல்லாம் வேண்டாம்.

### எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி. பெயரெல்லாம் ஒன்று போலவே இருக்கிறது, வாங்குகிறவருக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

முதல் மூன்றும் ஒரே குடும்பம். மூன்றுமே எல்சிடி திரைதான், பின்னால் விளக்கு எரியும், முன்னால் உள்ள திரை அந்த வெளிச்சத்தைத் தேவையான இடத்தில் விடும், வேண்டாத இடத்தில் மறைக்கும். அந்த விளக்கு எல்இடி விளக்கு என்பதால் "எல்இடி டிவி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கியூஎல்இடியில் விளக்குக்கும் திரைக்கும் நடுவே குவாண்டம் டாட் என்ற நுண்துகள் படலம் ஒன்று உண்டு, நிறங்கள் இன்னும் அழுத்தமாகத் தெரிவது அதனால்தான். மினி எல்இடியில் பின்விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். அவற்றைப் பகுதி பகுதியாக மங்கச் செய்ய முடியும், அதனால் இருட்டுக் காட்சியில் கறுப்பு நன்றாகக் கறுப்பாகத் தெரியும்.

ஓஎல்இடி வேறு குடும்பம். அதற்குப் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், கறுப்பு வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். இருட்டான அறையில் அதற்கு இணை இல்லை. ஆனால் ஒரே சேனல் லோகோ அல்லது செய்திப் பட்டை நாள் முழுக்க, மாதக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் அதன் நிழல் திரையில் நிரந்தரமாகப் படிய வாய்ப்பு உண்டு. ஓஎல்இடி லிஸ்டிங்கில் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடும் வீட்டில் அது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்சிடி குடும்பத்துக்குள் இன்னொரு பிரிவும் உண்டு: ஐபிஎஸ், விஏ. ஐபிஎஸ் பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் வெளுக்காது, ஆனால் இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ இதற்கு நேர் எதிர். அறையின் ஓரத்திலும் ஆட்கள் உட்காரும் வீட்டுக்கு முதலாவது, நேரெதிரே உட்கார்ந்து இரவில் படம் பார்ப்பவருக்கு இரண்டாவது. இவ்வளவையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். சிக்கல் என்னவென்றால், ஒரே மாடல் எண்ணில் இரண்டு வகைப் பேனலும் வருவதுண்டு. தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி சொல்லாவிட்டால் லிஸ்டிங்கில் பேனல் வகையைக் குறிப்பிடாதீர்கள். ஏதோ விமர்சனத்தில் படித்ததை நம்பி எழுதினால், விமர்சனம் எழுதியவர் கையில் கிடைத்த டிவி ஒன்றாகவும் நீங்கள் அனுப்புவது வேறாகவும் இருக்கலாம்.

### பெட்டியில் "மோஷன் 120" என்று இருக்கிறது, ஷீட்டில் 60 ஹெர்ட்ஸ். எதைப் போடுவது?

60 ஹெர்ட்ஸைத்தான். திரை ஒரு நொடியில் உண்மையில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும் என்பது அந்த எண். மற்றது கம்பெனி தன் பட மெருகூட்டலுக்கு வைத்த பெயர், ஹெர்ட்ஸ் இல்லை. கேம் கன்சோல் வைத்திருப்பவர் 120 என்று நம்பி வாங்கிவிட்டுச் சண்டைக்கு வருவார்.

### ஸ்மார்ட் வசதி என்று ஆப் லோகோக்களை வரிசையாகப் போட்டால் போதுமா?

முதல் முறை வாங்குகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது, இணையம் இல்லாமல் எது ஓடும், எது ஓடாது என்பது. செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐயில் மாட்டும் கருவிகள், பென் டிரைவில் உள்ள படங்கள் இவை இணையம் இல்லாமலே ஓடும். யூடியூபும் மற்ற ஆப்களும் ஓட வைஃபை வேண்டும். "ஸ்மார்ட் டிவி வாங்கினால் எல்லாச் சேனலும் இலவசமாக வந்துவிடும்" என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆப் இருக்கிறது என்றால் உள்ளே போக வாசல் இருக்கிறது என்றுதான் அர்த்தம், சந்தா தனி. இதை நேராகவே எழுதுங்கள்.

அடுத்து, எந்த இயங்குதளம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்: கூகுள் டிவி, டைசன், வெப்ஓஎஸ், ஃபயர் டிவி, இப்படி. வெறும் "ஆண்ட்ராய்டு" என்று மட்டும் போட்டிருந்தால் கவனம். கூகுளின் அனுமதி பெறாத, எல்லாருக்கும் திறந்துவிடப்பட்ட ஆண்ட்ராய்டைப் போட்டும் டிவிகள் வருகின்றன. அவற்றில் வழக்கமான பிளே ஸ்டோர் இருக்காது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்கள் ஓடாமல் போகலாம், ஓடினாலும் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாததால் குறைந்த தரத்தில்தான் படம் வரும். 4கே திரையில் மங்கல் படம்! டிவியை ஆன் செய்து ஆப்பைத் திறந்து ஒரு படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

வைஃபை பற்றி ஒரு வரி போதும், ஆனால் அந்த ஒரு வரி வேண்டும். சில டிவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். பக்கத்து வீடுகளின் வைஃபையும் அதே அலைவரிசையில் நெரிசலாக இருந்தால், 4கே படம் அடிக்கடி நின்று சுழலும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகமும், ஃபுல் எச்டிக்கு 5 மெகாபிட்டும் பரிந்துரைக்கிறது. லேன் கேபிள் மாட்டும் துளை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

### தலைப்பில் எவ்வளவு போடலாம்?

பிராண்டு, மாடல், அளவு, ரெசல்யூஷன், திரை வகை, இயங்குதளம். அவ்வளவுதான். "அல்ட்ரா பிரீமியம் சினிமாட்டிக் ஸ்மார்ட் ஆண்ட்ராய்டு 4கே எச்டிஆர் பெசல்லெஸ்" என்ற தலைப்பை ஒருவர் படித்து முடிக்கும்போது அது எத்தனை இன்ச் என்பதே நினைவில் நிற்காது.

### நம் 43 இன்ச் டிவிக்கு முழுதாக ஒன்று எழுதிக் காட்டுங்களேன்

தயாரிப்பாளர் தந்த ஷீட்டில் இருப்பது இவ்வளவு என்று வைத்துக்கொள்வோம்: 108 செ.மீ. திரை, ஸ்டாண்டோடும் ஸ்டாண்ட் இல்லாமலும் டிவியின் அளவுகள், 3840 × 2160, எல்இடி பின்விளக்கு, 60 ஹெர்ட்ஸ், எச்டிஆர்10, கூகுள் டிவி, 2 ஜிபி ராம், 8 ஜிபி சேமிப்பு, வைஃபை 2.4 மட்டும், லேன் துளை, எச்டிஎம்ஐ 3, யுஎஸ்பி 2. பேனல் ஐபிஎஸ்ஸா விஏவா என்று இல்லை. கால்களின் தூரம் நானே அளந்தது. எழுதினால் இப்படி வரும்:

> 43 இன்ச் (108 செ.மீ.) 4கே எல்இடி டிவி, கூகுள் டிவியுடன்
>
> இடம்: 43 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. டிவியின் அகலம் 96 செ.மீ., ஸ்டாண்டோடு உயரம் 61 செ.மீ. மேசையில் வைப்பதானால் மேசை குறைந்தது 82 செ.மீ. நீளம் இருக்க வேண்டும் (இரண்டு கால்களின் வெளி ஓரங்களுக்கு இடையே 78 செ.மீ.). 1.5 முதல் 2.5 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பார்க்க ஏற்றது.
>
> தெளிவு: 4கே திரை. ஃபுல் எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள். 4கே படங்களை 1.5 மீட்டருக்குள் உட்கார்ந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சாதாரணச் சேனல்கள் அவை வரும் தரத்திலேயே தெரியும்.
>
> திரை வகை: எல்இடி பின்விளக்கு உள்ள எல்சிடி திரை. எச்டிஆர் படங்களை ஓட்டும். 60 ஹெர்ட்ஸ்.
>
> ஸ்மார்ட்: வைஃபை இருந்தால் யூடியூப் போன்ற ஆப்கள் ஓடும், சந்தா தேவைப்படும் ஆப்களுக்கு அதைத் தனியாகக் கட்ட வேண்டும். இணையம் இல்லாவிட்டாலும் செட்டாப் பாக்ஸ், பென் டிரைவ் ஓடும். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 4கே படம் தடையில்லாமல் ஓட லேன் கேபிள் மாட்டுவது நல்லது.
>
> துளைகள்: எச்டிஎம்ஐ 3, யுஎஸ்பி 2, லேன் 1. செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள்.

ராமும் சேமிப்பும் ஸ்டாண்ட் இல்லாத அளவுகளும் கீழே அட்டவணையில் இருக்கட்டும். அந்த 8 ஜிபி சேமிப்பில் பாதிக்கு மேல் டிவியின் மென்பொருளே எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் அதே கட்டத்தில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் போன் கணக்கில் யோசிப்பார்கள்.

### எழுதியது புரிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிவியே வாங்காத ஒருவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். இது உங்கள் மேசையில் நிற்குமா? வைஃபை இல்லாத நாளில் இதில் என்ன பார்க்கலாம்? உங்கள் வீட்டுச் சேனல்கள் இதில் 4கேயாகத் தெரியுமா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்று சொன்னால் தெளிவுப் பகுதியை மறுபடி எழுதுங்கள்.

லிஸ்டிங் போட்ட பிறகு வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளையும், திருப்பி அனுப்பும்போது எழுதும் காரணங்களையும் மாதத்துக்கு ஒரு முறை படியுங்கள். "படம் சரியில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் அப்படியே விட்டுவிடாமல், முடிந்தால் கூப்பிட்டு எதைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பல முறை கிடைத்த பதில் செட்டாப் பாக்ஸ். அதிலும் சிலர் எச்டிஎம்ஐ கேபிளுக்குப் பதிலாகப் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரையே மாட்டியிருந்தார்கள். அதன் பிறகுதான் துளைகள் என்ற வரிக்குக் கீழே "செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள்" என்று சேர்க்க ஆரம்பித்தேன்.